குறை தீர்ப்பு, முறைகேடு தெரிவிப்புக் கொள்கை: திருப்பூர் ஆலை ஊழியர்களுக்கான தமிழ்ப் பதிப்பு

ஆங்கிலக் கொள்கையில் உள்ள ரகசிய வாக்குறுதிகள், புகார் செய்யும் படிகள், கால வரம்புகள் அனைத்தும் இந்தத் தமிழ்ப் பதிப்பில் அப்படியே உள்ளன. இரண்டு பதிப்புகளுக்கும் இடையே எங்காவது வேறுபாடு தெரிந்தால் ஹெச்.ஆர். அலுவலகத்தில் சொல்லுங்கள். அது திருத்தப்படும் வரை, புகார் செய்தவருக்கு அதிகப் பாதுகாப்பு தரும் வாசகமே செல்லும்.

யாருக்குப் பொருந்தும்

கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவினர், அலுவலக ஊழியர்கள், பயிற்சியில் இருப்பவர்கள், காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள், செக்யூரிட்டி, கேன்டீன், ஹாஸ்டல் பணியாளர்கள் என எல்லோருக்கும் பொருந்தும். வேலையை விட்டு நின்றவர்களும் தாங்கள் இங்கே இருந்த காலத்தில் நடந்ததைப் பற்றிப் புகார் செய்யலாம்.

குறையும் முறைகேடும்

உங்கள் வேலையில் உங்களைப் பாதிப்பது குறை. ஓ.டி. நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் வராதது, பி.எஃப். பிடித்தும் கணக்கில் ஏறாதது, லீவு மறுப்பது, சூப்பர்வைசர் தகாத வார்த்தை பேசுவது, சாதியையோ ஊரையோ சொல்லி இழிவுபடுத்துவது போன்றவை இதில் அடங்கும்.

பலருக்கு ஆபத்தோ நஷ்டமோ உண்டாக்கும் தவறு முறைகேடு. ஆடிட் வரும் நாளுக்கென்று தனி வருகைப் பதிவேடு எழுதுவது, அவசர வழியை அட்டைப்பெட்டி அடுக்கி அடைப்பது, சாய ஆலைக் கழிவை மறைத்து வெளியேற்றுவது, பில்லில் கை வைப்பது, வயது மறைத்துச் சிறுவர்களை வேலைக்கு வைப்பது ஆகியவை முறைகேடு. உங்களுக்கு நேரடிப் பாதிப்பு இல்லாவிட்டாலும் இவற்றைத் தெரிவிக்கலாம். கையில் ஆதாரம் வேண்டும் என்பதில்லை. உண்மை என்று நீங்கள் நம்பினால் போதும். ஆதாரம் தேடுவது எங்கள் வேலை.

எப்படிப் புகார் செய்வது

குறையாக இருந்தால் முதலில் லைன் சூப்பர்வைசரிடம் சொல்லலாம். அவர் 3 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டாலோ, குறையே அவரைப் பற்றியதாக இருந்தாலோ நேராகக் குறை தீர்ப்புக் குழுவுக்குப் போங்கள். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். நிர்வாகத் தரப்பினரும் தொழிலாளர் தரப்பினரும் சம எண்ணிக்கையில் அதில் இருக்கிறார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட சீட்டு உடனே தரப்படும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் முடிவு எழுத்தில் வரும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். குழு உறுப்பினர் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். தமிழ் தெரியாதவர் இந்தியிலோ ஒடியாவிலோ சொல்லலாம்.

முறைகேட்டைச் சூப்பர்வைசர் வழியாகச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளச் சீட்டின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு அழைக்கலாம். பெண்கள் ஓய்வறையிலும் கேன்டீன் வாசலிலும் உள்ள பெட்டியில் கடிதம் போடலாம். அந்த இடங்களில் கேமரா கிடையாது. பெட்டியின் சாவி ஆலை நிர்வாகத்திடம் இல்லை. வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட விசாரணை அலுவலர் மட்டுமே திறப்பார். புகார் ஆலை மேலாளர் மீதோ இயக்குநர் மீதோ இருந்தால், தணிக்கைக் குழுத் தலைவருக்கே நேரடியாக எழுதலாம்.

பாலியல் தொல்லைக்கு வழி வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழுவிடம், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடியும். எழுத முடியாதவருக்குக் குழு உதவும்.

ரகசியம்

உங்கள் பெயரை விசாரிக்கும் அலுவலரைத் தவிர வேறு யாருக்கும் உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சொல்லமாட்டோம். பெயர் மட்டுமல்ல, உங்கள் லைன் எண், ஷிப்ட், ஊர், கையெழுத்து என உங்களை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடமாட்டோம். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புகாரின் சாரம் தெரிவிக்கப்படும். அசல் கடிதம் காட்டப்படாது. நீதிமன்றமோ சட்டமோ கேட்டால் மட்டும் பெயரைத் தர வேண்டிவரும். அப்போதும், சட்டம் தடுக்காத வரை, முதலில் உங்களிடம் சொல்லிவிட்டே தருவோம்.

பாலியல் தொல்லைப் புகாரில் மட்டும் உங்கள் பெயர் விசாரணைக்குத் தேவையானவர்களுக்கும் எதிர்த்தரப்புக்கும் தெரியவரும், புகாரின் நகலும் எதிர்த்தரப்புக்குப் போகும். பதில் சொல்லும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால் இதை மறைக்க முடியாது. குழுவுக்கு வெளியே அதைப் பேசுவதும் பரப்புவதும் அதே சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டுள்ளது.

பெயர் போடாமலும் புகார் செய்யலாம், அதையும் விசாரிப்போம். எழுதியவர் யார் என்று கையெழுத்தை ஒப்பிட்டுத் தேடுவது, சக ஊழியர்களைக் கேட்பது, செல்போனை வாங்கிப் பார்ப்பது ஆகியவை இந்தக் கொள்கையை மீறும் செயல்கள். அப்படிச் செய்தவர் எந்தப் பதவியில் இருந்தாலும் நடவடிக்கை உண்டு.

பழிவாங்கலுக்கு எதிராக

புகார் செய்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவது, ஷிப்ட் மாற்றுவது, டார்கெட் ஏற்றுவது, ஓ.டி. தராமல் விடுவது, ஹாஸ்டலில் இருந்து வெளியேற்றுவது, ஊரில் பெற்றோருக்குப் போன் போட்டு மிரட்டுவது எதுவும் கூடாது. சாட்சி சொன்னவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. இப்படி ஏதேனும் நடந்தால் அதையே புதிய புகாராகக் கொடுங்கள். முறைகேடு போலவே வெளி அலுவலர் விசாரிப்பார். விசாரணையில் புகார் நிரூபணம் ஆகாமல் போனாலும் நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது நடவடிக்கை கிடையாது. பொய் என்று தெரிந்தே சொன்னதாக நிரூபணமானால் மட்டுமே நடவடிக்கை எடுக்கப்படும்.

குழுவின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் தொழிற்சங்கம் மூலமாகவோ தொழிலாளர் துறையிடமோ போகலாம். இந்தக் கொள்கையில் உள்ள எதுவும் அந்த உரிமையைத் தடுக்காது. அங்கே போவதற்கு ஆலையின் அனுமதியும் தேவையில்லை.