மெனு வரிகள்: திருத்திய வடிவம்

அண்ணா, வணக்கம்.

மெனுவில் பண்டங்களுக்குக் கீழே வரும் வரிகளைத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். அச்சுக்குப் போகும் முன் நீங்களும் மாஸ்டரும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

பழைய அட்டையில் 14 பண்டங்கள். 'நாவூறும்' என்ற சொல் ஒன்பது இடத்திலும், 'அசத்தலான' ஆறு இடத்திலும் வந்தது. தனித்தனியாகப் படித்தால் எதுவும் தப்பாகத் தெரியாது. ஆனால் சாப்பிட வருகிறவர் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் ஓட்டிப் படிப்பார். மூன்றாவது 'நாவூறும்' வருவதற்குள் கண் விலைப் பக்கம் போய்விடும். ஸ்டான்ஃபோர்ட் மொழியியல் பேராசிரியர் டான் ஜுராஃப்ஸ்கி ஆயிரக்கணக்கான மெனுக்களை ஆராய்ந்தபோது, 'சுவையான' போன்ற பொதுப்படையான புகழ்ச்சி பெரும்பாலும் விலை குறைந்த பண்டங்களோடுதான் சேர்ந்து வருகிறது என்று கண்டார். மாஸ்டரின் சமையலுக்கு அந்தச் சாயல் வேண்டாம்.

அதனால் அவரிடம் "இது எப்படி இருக்கும்?" என்று கேட்கவில்லை, "இதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். பாதி வரிகள் அவர் வாயிலிருந்தே வந்தவை.

தக்காளி சூப்
பழையது: புத்தம் புதிய தக்காளிகளால் அன்போடு தயாரித்த, நாவூறும் கிரீம் சூப்.
புதியது: பூண்டோடு சேர்த்து, விளிம்பு கருகும்வரை ஓவனில் சுட்ட தக்காளி. கிரீம் சேர்ப்பதில்லை, கெட்டியாக்குவது உருளைக்கிழங்கு.

பழைய வரியில் இருந்த 'கிரீம்' பொய்யான தகவல். பால் சேர்க்காதவர்கள் அதைப் பார்த்தே இத்தனை நாள் இந்த சூப்பை ஒதுக்கியிருப்பார்கள்.

வெங்காய சூப்
பழையது: தேனாய்த் தித்திக்கும் அசத்தலான வெங்காய சூப்.
புதியது: ஒரு மணி நேரம் சிறு தீயில் வதங்கிப் பழுப்பேறிய வெங்காயம், காய்கறி வடிசாற்றில். இந்த இனிப்பில் சர்க்கரை கிடையாது.

சுட்ட காலிஃபிளவர்
புதியது: முழுப் பூவாக வேகவைத்து, பிறகு மேல்புறம் சிவக்க ஓவனில் சுட்டது. எள் சாந்து, எலுமிச்சை, மாதுளை முத்து. இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடலாம்.

'பகிரலாம்' என்பதை விட்டுவிடாதீர்கள். எவ்வளவு வரும் என்று தெரியாமல்தான் பலரும் இதை ஆர்டர் செய்யத் தயங்குகிறார்கள்.

உருளைக்கிழங்கு வறுவல்
விவரணை வேண்டாம். பெயரே போதும். எல்லாவற்றுக்கும் வரி எழுதினால் எழுத வேண்டியதும் எடுபடாமல் போகும்.

ஆட்டுத் தோள்கறி
பழையது: வாயில் வைத்ததும் வெண்ணெயாய்க் கரையும், உலகத் தரம் வாய்ந்த மென்மையான ஆட்டிறைச்சி.
புதியது: நான்கு மணி நேரம் மூடிபோட்டுச் சிறு தீயில் வெந்தது. கரண்டி பட்டாலே எலும்பை விட்டு வரும். கறி வெந்த சாற்றையே வற்றவைத்து மேலே ஊற்றித் தருகிறோம்.

இந்த ஒரு பண்டத்துக்குத்தான் நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இந்தச் சமையலறையின் பெருமையே இதுதான். தோள்பகுதி அதிகம் உழைக்கும் தசை. சட்டென்று சமைத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். நிதானமாக வெந்தால் அதிலுள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறி, கறி பிரிந்து வரும், சாறும் உதட்டில் ஒட்டும். இவ்வளவையும் மெனுவில் எழுத முடியாது, ஆனால் 'நான்கு மணி நேரம்' என்பதும் 'எலும்பை விட்டு வரும்' என்பதும் அதைச் சொல்லிவிடுகின்றன. கறி வெண்ணெயாய்க் கரையாது, நார் இருக்கும்; அது இருப்பதுதான் அழகு. 'மென்மையான' என்ற சொல்லை அட்டை முழுக்க எடுத்துவிட்டேன். இங்கேயே அது தேவைப்படவில்லை என்றால் வேறெங்கும் தேவைப்படாது.

சுட்ட கோழித்தொடை
பழையது: கரித் தணலில் வாட்டிய, அசத்தலான, நாவூறும் கோழி.
புதியது: தயிர், எலுமிச்சை, மிளகில் இரவு முழுக்க ஊறி, தோல் மொறுமொறுப்பாகும்வரை கிரில்லில் சுட்டது. எலும்போடு வரும்.

சமையலறையில் இருப்பது கேஸ் கிரில். 'கரித் தணல்' என்று எழுதினால், புகை வாசனை தெரிந்தவர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் மற்ற வரிகளையும் நம்பமாட்டார். இரவு முழுக்க ஊறுவது உண்மை, அதைச் சொன்னாலே போதும்.

வாணலி மீன்
பழையது: இன்று காலை கடலிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு!
புதியது: தோல் பக்கம் கீழே இருக்க வாணலியில் சுட்டு, கடைசி நிமிடம் மட்டும் திருப்பிப் போட்டது. உருகிய வெண்ணெய், எலுமிச்சை, பச்சை மூலிகை. இன்றைய மீன் எது என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள்.

மீன் வாரத்துக்கு மூன்று நாள்தான் வருகிறது. சில நாள் உறையவைத்த மீனையும் எடுக்கிறீர்கள். அதில் எந்தக் குறையும் இல்லை, நன்றாகவே இருக்கிறது. 'இன்று காலை' என்பதுதான் கூடாது. பரிமாறுபவரிடம் கேட்கச் சொன்னால், உள்ளதை உள்ளபடி அவர் சொல்லிவிடலாம்.

காளான் சாதம்
புதியது: மூன்று வகைக் காளான், தன் நீரிலேயே சுண்டிப் பழுப்பேறும்வரை வறுத்தது. மேலே சீஸ் துருவல்.

எலுமிச்சை டார்ட்
பழையது: இனிமையின் உச்சம்!
புதியது: வெண்ணெய் மாவு ஓட்டில் எலுமிச்சைக் கூழ். புளிப்பு தூக்கலாக இருக்கும்.

புளிப்பு என்று சொன்னால் ஆள் வரமாட்டார் என்ற பயம் வேண்டாம். புளிப்பு பிடித்தவர் தேடி வருவார். பிடிக்காதவர் சாக்லேட் கேக் வாங்குவார். இரண்டு பேருமே திருப்தியாக எழுந்து போவார்கள்.

சாக்லேட் கேக்
பழையது: சொர்க்கத்துக்கே அழைத்துச் செல்லும் சாக்லேட் கேக்.
புதியது: கோதுமை மாவு இல்லாமல், 70 சதவீத டார்க் சாக்லேட், முட்டை, பாதாம் தூளில் செய்தது. நடுவில் ஈரமாக இருக்கும். முதலில் கசப்பு, பிறகு இனிப்பு.

காபி ஊற்றிய ஐஸ்கிரீம்
பழையது: எங்கள் கைவண்ணத்தில் உருவான ஐஸ்கிரீம்.
புதியது: வனிலா ஐஸ்கிரீம் இரண்டு உருண்டை. சுடச்சுடக் காபி தனிக் கோப்பையில் வரும், நீங்களே ஊற்றிக்கொள்ளலாம்.

ஐஸ்கிரீம் வெளியே வாங்குவது என்பதால் 'கைவண்ணம்' போய்விட்டது. ஊற்றும் வேலை வாடிக்கையாளர் கையில் இருப்பதே இதன் சந்தோஷம்.

மீதி மூன்றும் சாலட்கள். அவற்றில் என்னென்ன காய், எந்த டிரெஸ்ஸிங் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'ஆரோக்கியம் பொங்கும்' போன்றவற்றை வெட்டிவிட்டேன்.

பால், முட்டை, கோதுமை, எள், பாதாம், மீன் ஆகியவை எதில் உண்டு என்பதை ஒவ்வொரு வரியின் முடிவிலும் சிறிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வாமை உள்ளவருக்கு அது அழகான வரியைவிட முக்கியம். அந்தப் பட்டியலை மாஸ்டர் தன் கையால் சரிபார்க்க வேண்டும், என் குறிப்பை நம்பி விடக்கூடாது. டார்ட் ஓட்டிலும் பாதாம் தூள் போகிறதா என்பதை முக்கியமாகக் கேளுங்கள்.

இன்னொன்று. கோழியை மதியக் கூட்டத்துக்கு அவசரமாக இரண்டு மணி நேரம் மட்டும் ஊறவைக்கிற நாட்களும் உண்டு என்று பரிமாறும் தம்பி சொன்னான். அப்படியானால் 'இரவு முழுக்க' என்பதை எடுத்துவிடலாம், அல்லது மதியத்துக்கும் முந்தின நாளே ஊறப்போடலாம். எது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை அச்சகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்.