நாய் கடிக்காது

கூரியர் பையன் வர அரை மணி நேரம்தான். பிரசவ லேகியம் இரண்டு டப்பா தயார், முகவரிதான் இல்லை. பழைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததோடு எல்லாம் போச்சு. லேகியம் கேட்டிருந்த அம்மாவின் போனும் அணைந்தே கிடந்தது. மகளோடு ஆஸ்பத்திரியில் இருப்பார்.

“அப்பா, போன வருஷம் மூத்த பொண்ணுக்கும் நம்மகிட்டதானே வாங்கினாங்க? அந்த வாட்ஸ்அப் பேக்கப் கம்ப்யூட்டர்ல இருக்கு,” என்றாள் கடைக்காரரின் மகள்.

‘லேகியம்’ என்று தேடினார். நானூறு செய்திகள், நாட்டு மருந்துக் கடையில் வேறென்ன வரும்? அப்புறம்தான் ஏதோ நினைவு தட்டியது. ‘நாய்’ என்று போட்டார். ஒன்றே ஒன்று வந்தது.

“திருமயம், கோட்டைக்குப் பின் தெரு, பச்சை கேட். நாய் குரைக்கும், கடிக்காது.”

நாயையும் சேர்த்தே பார்சல்மேல் எழுதினார்.