என் புகாரை என் மகள் நடத்த அதிகாரம் தரும் கடிதம்

கொழிஞ்சாம்பாறை
28.11.2025

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், நான் கணக்கு வைத்திருக்கும் வங்கி, கொழிஞ்சாம்பாறை கிளை

சார்,

நான் ரங்கம்மாள், வயது 76, கணவர் காலமாகிவிட்டார். 4417 என்று முடியும் என் சேமிப்புக் கணக்கில் பால் சொசைட்டிப் பணமும் முதியோர் பென்ஷனும்தான் வருகிறது. அதிலிருந்து 9.11.2025 அன்று கோவையில் ஒரு ஏடிஎம்மில் இரண்டு தடவையாக 20,000 ரூபாய் எடுக்கப்பட்டிருக்கிறது. அன்று கார்டு என் வீட்டில் பீரோவுக்குள் இருந்தது, நானும் வீட்டில்தான் இருந்தேன், பின் நம்பரை யாரிடமும் சொன்னதில்லை. 11-ஆம் தேதி பாஸ்புக் பதிந்தபோதுதான் தெரிந்தது, அன்றைக்கே எழுதிக் கொடுத்து சீல் வைத்த ரசீதும் வாங்கினேன்.

இனி இந்தப் புகாரை என் மூத்த மகள் செல்வராணி எனக்காக நடத்துவாள். எனக்குக் காது மந்தம், போனில் கேட்பது சரியாகப் புரியாது, மூட்டுவலியோடு உங்கள் மாடிப்படி ஏறவும் முடிவதில்லை. மலையாளம் பேசுவேன், வாசிக்க வராது. அவள் வாசிப்பாள், அதனால் பதிலை எந்த மொழியில் தந்தாலும் சரி. அவள் சித்தூரில் இருக்கிறாள், வக்கீல் அல்ல, இதற்காக என்னிடம் காசு வாங்குபவளும் அல்ல.

புகார் நிலவரம் கேட்கவும், அந்த நாளின் கணக்கு விவரத்தையும் ஏடிஎம் பதிவுகளையும் கேட்டு வாங்கவும், மேல்முறையீடு எழுதிக் கையெழுத்திடவும் அவளுக்கு அதிகாரம் தருகிறேன். புகார் கொடுத்த 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாக என் பிரதிநிதியாகப் புகார் கொடுக்கவும் இதே கடிதம் போதும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணம் எடுக்கவோ போடவோ, கணக்கை மூடவோ, கார்டு வாங்கவோ இந்தக் கடிதத்தில் அனுமதி இல்லை. திரும்ப வரும் தொகை என் கணக்கில்தான் சேர வேண்டும். குறைத்துத் தருகிறோம், முடித்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் சொன்னால் அதற்கு என் கையெழுத்து வேண்டும், அவள் கையெழுத்து செல்லாது.

தாமதமாகச் சொன்னேன் என்று கவுண்டரில் சொன்னார்கள், அது நியாயமில்லை. உங்கள் எஸ்எம்எஸ் என் கணவரின் பழைய எண்ணுக்குப் போகிறது, அவர் இறந்ததும் எண்ணை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். 6.7.2017 ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, தவறு என்னுடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான். புகார் கொடுத்த 10 வேலை நாளில் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. அந்த நாள் கடந்துவிட்டது, இன்னும் வைக்கவில்லை. செல்வராணி முதலில் இதைத்தான் கேட்பாள், தயவுசெய்து அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

புகார் முடியும்வரை, அல்லது நானே எழுதி ரத்து செய்யும்வரை இது செல்லும். அவளுடைய ஆதார் நகல், என் ஆதார் நகல், பாஸ்புக் பக்கம், 11-ஆம் தேதி ரசீது நகல் நான்கும் இதோடு இருக்கின்றன. எழுதியதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டேன்.

இப்படிக்கு,
ரங்கம்மாள் (கையொப்பம்)

பொறுப்பை ஏற்கிறேன்: செல்வராணி, மகள் (கையொப்பம்)
சாட்சிகள்: பக்கத்து வீட்டு மாரிமுத்து, தம்பி மகன் கதிரேசன் (கையொப்பங்கள்)