பத்துக்கு ஆறு

சனிக்கிழம சாயங்காலம் மோட்டார் போட்டுட்டு வரப்புல உக்காந்திருந்தப்ப போன்ல ரிப்போர்ட் வந்துச்சு. நமக்கு ஊரு கொழிஞ்சாம்பாறை, ஆஸ்பத்திரி கோயமுத்தூர். ப்ராஸ்டேட்டுக்காக ரத்தத்துல பாக்கற பிஎஸ்ஏ டெஸ்ட் 7.8 காட்டுச்சுன்னு போன வாரம் ப்ராஸ்டேட்ல 12 எடத்துல ஊசி விட்டு சதை எடுத்தாங்க. அப்புறம் ஒண்ணுக்குல ரத்தம் வந்ததுக்குக் கூட நான் பயப்படல, வரும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க.

நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். எழுத்துக் கூட்டிப் படிச்சா மொத வரியே அடினோகார்சினோமா. அது கேன்சர்னு தெரியும். அதுக்குக் கீழ க்ளீசன் 3+3=6. பத்துக்கு ஆறுன்னா பாதி தாண்டிருச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் பெரிநியூரல் இன்வேஷன், நாட் ஐடென்டிஃபைட். இன்வேஷன போன்ல தேடுனா படையெடுப்புன்னு வருது, எதோ உள்ள பூந்திருக்கு, என்னன்னு அவங்களுக்கே தெரியலன்னு நெனச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்கு அடிச்சா டாக்டர் திங்கக்கிழமதான் வருவாருன்னுட்டாங்க.

ஞாயித்துக்கிழம தேங்காய் போட ஆளு வந்துச்சு, எத்தன காய் எறங்குச்சுன்னு இப்பவும் தெரியாது. திருச்சூர் ஹாஸ்டல்ல இருந்து பாப்பா கூப்பிட்டுச்சு, சாப்பிட்டியா சாமின்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுட்டேன், அதுக்கு மேல பேசுனா குரல் உடைஞ்சுரும். ராத்திரி காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதுனேன், சொசைட்டி கடன் எவ்வளவு பாக்கி, நெலத்து ஆதாரம் எந்தப் பெட்டில இருக்கு, யாரு நமக்குத் தரணும்னு. மறுநா காலைல வீட்டுக்காரி அதக் கையில வெச்சுக்கிட்டு "ஏனுங்க இது"ன்னா. பதில் சொல்ல முடியல. நானும் வரேன்னு சேலைய மாத்திட்டு வந்துட்டா.

டாக்டர் சின்ன வயசுதான், நிதானமா சொன்னாரு. "ஐயா, கேன்சர்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இந்தக் கணக்குல பத்துக்கு ஆறு இல்ல, பயாப்சில நாங்க கேன்சர்னு எழுத ஆரம்பிக்கறதே ஆறுல இருந்துதான், அதாவது இருக்கறதுலயே சாது. 12 துண்டுல 2 துண்டுல மட்டும், அதுவும் கொஞ்சூண்டு. நாட் ஐடென்டிஃபைட்னா நரம்போரமா பரவிருக்கான்னு தேடிப் பாத்தோம், இல்லன்னு அர்த்தம்."

இல்லன்னு அர்த்தம். ரெண்டு ராத்திரி என்னைத் தூங்க விடாத வார்த்தைதான் அந்த ரிப்போர்ட்லயே நல்ல வார்த்தை.

ஆபரேஷன், கதிர் எதுவும் இப்ப வேண்டாம்னுட்டாரு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிஎஸ்ஏ, ஒரு எம்ஆர்ஐ, ஒரு வருசத்துல மறுபடி ஒரு பயாப்சி, அதிகமாச்சுன்னா அப்ப வைத்தியம். உள்ள ஒண்ண வெச்சுக்கிட்டே இருக்கறதான்னு அவதான் கேட்டா. விடாம பாத்துட்டே இருக்கறதும் வைத்தியந்தாம்மா, வராம விட்டுட்டாதான் ஆபத்துன்னாரு.

பஸ் ஸ்டாண்டுல நின்னுதான் பாப்பாவுக்குப் போன் பண்ணி முழுசும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "ரெண்டு நாளா ஏம்ப்பா சொல்லல"ன்னு அழுதுச்சு. பக்கத்துல அவ பையில இருந்து அந்த காலண்டர் தாள எடுத்து, கெழிக்கல, நாலா மடிச்சு திரும்ப உள்ள வெச்சுக்கிட்டா.