செவிலியர் பராமரிப்புத் திட்டமும் ஒப்படைப்புக் குறிப்பும்: தமிழ் வடிவம்

படுக்கை 14, பெண், வயது 67. வலது இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை நடந்த நாள் 12.03.2025. 15.03.2025 அன்று 11:00 மணிக்கு வீட்டுக்குச் செல்லும் இவரை அங்கு கவனிக்கப்போகும் மகளுக்கும் பராமரிப்புப் பணியாளருக்கும் ஆங்கில மூலத்திலிருந்து இதைத் தமிழாக்கியுள்ளேன்.

எல்லா நேரங்களும் 24 மணி நேரக் கணக்கில், தேதியுடன் உள்ளன. ‘இரவு 2 மணி’ என்றால் எந்தத் தேதியின் இரவு என்ற குழப்பம் வரும் என்பதால் அந்த வழக்கைத் தவிர்த்துள்ளேன். மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் ‘மி.கி.’ என்ற ஒரே சுருக்கத்தில் படித்துவிட வாய்ப்பிருப்பதால், மருந்தளவுகளை முழுச் சொல்லிலேயே எழுதியிருக்கிறேன்.

இவருக்கு நீரிழிவு உண்டு. மருந்து ஒவ்வாமை இதுவரை அறியப்படவில்லை. ஒவ்வாமையே கிடையாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

15.03.2025, 06:00 மணி நிலவரப்படி இரத்த அழுத்தம் 138/82, நாடித்துடிப்பு 84, ஆக்ஸிஜன் அளவு 97 விழுக்காடு, உடல் வெப்பம் 98.8 பாரன்ஹீட், வெறும் வயிற்றுச் சர்க்கரை 142.

கிளார்ஜின் இன்சுலின் 14 யூனிட், நாள்தோறும் 21:00 மணிக்கு ஒரே ஒருமுறை, அடுத்தது 15.03.2025, 21:00. மூலத்தில் எண்ணை ஒட்டி ‘யு’ என்னும் ஆங்கில எழுத்து மட்டும் இருந்தது. கையெழுத்தில் அது பூச்சியம் போலத் தெரிந்து 14 என்பது 140 ஆகிவிடக்கூடும் என்பதால் ‘யூனிட்’ என்று முழுச் சொல்லில் எழுதியுள்ளேன். மெட்பார்மின் 500 மில்லிகிராம், 08:00 மற்றும் 20:00 மணிக்கு உணவுக்குப் பின். 15.03.2025, 08:00 மாத்திரை தரப்பட்டுவிட்டது. இரத்தம் உறையாமல் இருக்க எனாக்ஸபரின் 40 மில்லிகிராம், வயிற்றுத் தோலுக்கு அடியில், நாளுக்கு ஒருமுறை 18:00 மணிக்கு, கடைசியாக 14.03.2025 அன்று போடப்பட்டது.

பாராசிட்டமால் 650 மில்லிகிராம், வலி இருந்தால் மட்டும்: இரு மாத்திரைகளுக்கிடையே குறைந்தது 6 மணி நேர இடைவெளி தேவை, 24 மணி நேரத்தில் 4 மாத்திரைக்கு மேல் கூடாது. கடைசி மாத்திரைக்கு மூலத்தில் ‘4.30’ என்று மட்டும் இருந்தது. இரவுப் பணிச் செவிலியரிடம் கேட்டதில் அது 15.03.2025, 04:30 என்று உறுதியானது. ஆகவே 15.03.2025, 10:30 மணிக்கு முன் அடுத்ததைத் தரக் கூடாது.

படுத்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றி, முழங்கால்களுக்கிடையே தலையணை வைக்க வேண்டும். இடுப்பு 90 பாகைக்கு மேல் மடியும்படி தாழ்வான இருக்கையில் உட்காரவோ கால்மேல் கால் போடவோ விடக் கூடாது. சர்க்கரை 70-க்குக் கீழே போய், விழுங்கும் அளவுக்கு நினைவுடன் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ, மூச்சுத்திணறலோ, காயத்தில் சீழோ தெரிந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். தையல் பிரிக்கும் நாள் 26.03.2025, 10:00 மணி.