நான்கு பி-யும் நான்கு சி-யும்: கடை எந்தப் பக்கத்திலிருந்து தெரிகிறது?

பொருள், விலை, இடம், விளம்பரம். மார்க்கெட்டிங் படித்த யாரைக் கேட்டாலும் இந்த நான்கையும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் நான்கும் பி என்ற எழுத்தில் தொடங்குவதால் '4பி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1990-ல் ராபர்ட் லாட்டர்போர்ன் இந்த நான்குக்கும் காலம் முடிந்துவிட்டது என்று எழுதி, அவற்றின் இடத்தில் நான்கு சி-க்களை வைத்தார். பொருளுக்குப் பதில் வாடிக்கையாளரின் தேவை, விலைக்குப் பதில் அவருக்கு ஆகும் செலவு, இடத்துக்குப் பதில் வாங்கும் வசதி, விளம்பரத்துக்குப் பதில் தகவல் பரிமாற்றம். அன்று முதல் பாடப்புத்தகங்கள் இரண்டையும் எதிரெதிரே அட்டவணை போட்டுக் காட்டுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழையது போய்ப் புதியது வந்ததாக அந்த அட்டவணை சொல்லாமல் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 4சி ஒரு முடிவைச் சோதித்துப் பார்க்கும் கேள்வி. 4பி அந்த முடிவை எடுக்கும் இடம். ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது.

வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஜேம்ஸ் கல்லிட்டன் 1948-ல் நிர்வாகியைப் பலவற்றைக் கலந்து தருபவராக வர்ணித்தார். ஹார்வர்டில் பாடம் நடத்திய நீல் போர்டன் அதைப் பிடித்துக்கொண்டு 'மார்க்கெட்டிங் கலவை' என்று பேசத் தொடங்கினார். அவருடைய பட்டியலில் இருந்தவை நான்கல்ல, 12. பேக்கேஜிங், கடையில் அடுக்கிக் காட்டுவது, விற்பனைக்குப் பிந்தைய சேவை என்று நீளும் அந்தப் பட்டியலில் தகவல் திரட்டி ஆராய்வதும் ஒன்று. 1960-ல் ஜெரோம் மெக்கார்த்தி தன் பாடநூலில் இதை நான்காகச் சுருக்கினார். சுருக்கியதால்தான் உலகம் முழுக்கப் பரவியது; பன்னிரண்டை யார் மனப்பாடம் செய்வார்கள்? ஆனால் வாங்குபவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டறியும் வேலை தனி அம்சமாக இல்லாமல் போனதும் அப்போதுதான். மெக்கார்த்திக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவர் வரைந்த படத்தில் வட்டத்தின் நடுவில் நின்றது வாடிக்கையாளர்தான், நான்கு பி-யும் அவரைச் சுற்றி நின்றன. பிறகு வந்தவர்கள் நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் இருந்தவரை விட்டுவிட்டார்கள். லாட்டர்போர்ன் செய்தது அவரைத் திரும்ப அழைத்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான்கு ஜோடிகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது விலையும் செலவும். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விலைப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் போட்டி நிறுவனத்தின் விலையையும் உற்பத்திச் செலவையும் பார்த்து ஓர் எண்ணை எழுதுவார். அவருடைய தாளில் அந்த எண் மட்டும்தான் இருக்கும். வாங்குபவர் மனதில் ஓடுவது வேறு கணக்கு. ஃபில்டரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது இரண்டு வருஷம் கழித்தும் கிடைக்குமா, பொருத்த ஆள் வரும் நாளில் யார் வீட்டில் இருப்பது, சுவரில் துளை போட வீட்டு உரிமையாளர் சம்மதிப்பாரா, பழுதானால் போனில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். இதோடு இன்னொன்று: தவறான மாடலை வாங்கிவிட்டால் வீட்டில் கேட்க வேண்டிய பேச்சு. இது எதுவும் விலைப்பட்டியலில் வராது. ஆனால் வாங்காமல் திரும்பிப் போகிறவரைக் கேட்டால் பெரும்பாலும் 'விலை அதிகம்' என்றுதான் சொல்வார். அதை அப்படியே எழுதிக்கொள்ளும் நிறுவனம் தள்ளுபடி அறிவிக்கும். விற்பனை கொஞ்சம் ஏறும், தள்ளுபடி முடிந்ததும் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். செலவு என்ற பார்வையில் கேட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை வந்து பொருத்தித் தருவது தள்ளுபடியைவிட மலிவான வழி என்று தெரிந்திருக்கலாம்.

பொருளா தேவையா என்ற ஜோடியைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. மெக்கார்த்தியின் நூல் வந்த அதே 1960-ல் தியோடர் லெவிட், ரயில் நிறுவனங்கள் தங்கள் தொழில் போக்குவரத்து என்று பார்க்காமல் ரயில் ஓட்டுவது என்று நினைத்ததால்தான் சரிந்தன என்று எழுதினார். அந்த வாதத்தின் தொடர்ச்சிதான் முதல் சி. இடமும் வசதியும் இன்று ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன: எந்த ஊரில் எத்தனை கடை என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, பணம் கட்டும் பக்கத்தில் எத்தனை கட்டங்களை நிரப்பச் சொல்கிறோம் என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்துவிட்டது.

நான்காவது ஜோடியில்தான் ஏமாற்று அதிகம். விளம்பரத்தைத் தகவல் பரிமாற்றம் என்று அழைப்பது சுலபம். பரிமாற்றம் என்றால் எதிர்த்தரப்பும் பேச வேண்டும், அவர் பேசியதால் இந்தப் பக்கம் ஏதாவது மாற வேண்டும். பல நிறுவனங்களில் சமூக ஊடகப் பக்கத்தில் வரும் புகாருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி பதில் போகிறது. அந்தப் புகார் வடிவமைப்புக் குழுவின் மேசைக்குப் போவதில்லை. பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் 4சி-யை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் நடத்தலாமா? முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இன்னும் பிறக்காத பொருளைப் பற்றி வாடிக்கையாளரிடம் தெளிவான பதில் இருக்காது. தனக்கு என்ன கஷ்டம் என்று அவர் சொல்வார். தீர்வு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் கறாரானது. நான்கு பி-யில் பணத்தை உள்ளே கொண்டுவருவது விலை மட்டும்தான், மற்ற மூன்றும் பணத்தை வெளியே அனுப்புபவை. விலையை எடுத்துவிட்டு வாங்குபவரின் செலவை அந்த இடத்தில் வைத்தால், வருமானத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்க அட்டவணையில் இடமே இல்லாமல் போய்விடும். அப்புறம், போட்டியாளர் இரண்டு பட்டியலிலும் இல்லை. இது ஏன் யாரையும் உறுத்தவில்லை என்று எனக்கு எப்போதும் வியப்பு.

இடையில் 1981-ல் பூம்ஸும் பிட்னரும் சேவைத் துறைக்காக மனிதர்கள், செயல்முறை, கண்ணுக்குத் தெரியும் சான்றுகள் என்று மேலும் மூன்று பி-க்களைச் சேர்த்தார்கள். அவை வெறும் ஒட்டு என்று சிலர் நினைப்பதுண்டு. சுத்திகரிப்புக் கருவியைப் பொருத்த வரும் ஆளை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நிறுவனத்தின் சார்பில் வாங்குபவர் நேரில் பார்க்கும் ஒரே முகம் அவருடையதாக இருக்கலாம்.

அதே நிறுவனம் வாங்குபவரின் செலவைக் கணக்கிட்டுப் பார்த்து, கருவியை விற்காமல் மாத வாடகைக்குக் கொடுக்கலாம், ஃபில்டர் மாற்றுவதும் பழுது பார்ப்பதும் அதிலேயே அடங்கும் என்று முடிவு செய்கிறது என்று வைப்போம். வாங்குபவர் பக்கத்தில் பெரும்பாலான கவலைகள் தீர்ந்தன. நிறுவனத்தின் பக்கத்தில் இப்போதுதான் வேலை ஆரம்பம்: வாடகை எவ்வளவு, முன்பணம் வாங்குவதா வேண்டாமா, கருவியைத் தயாரிக்கப் போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும், இதுவரை கமிஷன் வாங்கிக்கொண்டு விற்ற கடைக்காரர்களுக்கு இனி என்ன தருவது. இந்தத் தாளை நிரப்ப அவர்கள் பழைய நான்கு தலைப்புகளைத்தான் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.