தோட்டத்து வீட்டிற்கு வரும் வழி

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

தாத்தா பென்சிலால் வரைந்த வரைபடத்தைப் படமெடுத்து நேற்று அனுப்பியிருந்தேன். அது அளவுப்படி வரையப்படாததால், இந்தக் குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து வரும்போது, படத்தின் கீழே கட்டமாக இருக்கும் எண்ணெய் நிலையத்தைக் கடந்ததும் இடப்புறம் திரும்பி, இருபுறமும் செம்பனை நிற்கும் சாலையில் 3 கிலோமீட்டர் வாருங்கள். வலப்புறம் தமிழ்ப்பள்ளியின் நீல வாயில் தெரியும்.

அடுத்து வரும் முச்சந்தியில்தான் கவனம் தேவை. தாளின் மடிப்பு அந்த இடத்தில் விழுந்து கோடு மறைந்திருப்பதால், சாலை நேராகப் போவதுபோல் படத்தில் தோன்றும். நேரே சென்றால் செம்பனை ஆலைக்குப் போய்விடுவீர்கள். அந்த முச்சந்தியிலேயே அரசமரத்தடியில், சிவப்புத் துணி கட்டிய சூலத்துடன் முனியாண்டி கோயில் இருக்கிறது. அதை இடக்கைப் பக்கம் வைத்து, வலப்புறம் திரும்புங்கள்.

படத்திலுள்ள ஆயாக்கொட்டகையைத் தேடாதீர்கள். அதை இடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன, தாத்தாவின் நினைவில்தான் இன்னும் நிற்கிறது. சிறு பாலம் தாண்டியதும் வரும் லயத்து வரிசையில், வாசலில் முருங்கைமரம் நிற்கும் கடைசி வீடு நம்முடையது.

செம்பனைக்குள் கைப்பேசித் தொடர்பு அடிக்கடி அறுந்துவிடும் என்பதால், பள்ளி வாயிலிலேயே நின்று எனக்கு அழைத்துவிட்டு, இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள்.